இயக்குநர் விலகிவிட்டார், ஓ.டி.பி. யாருக்குப் போகும்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் குடோன் வாசலில் லாரி நிற்கிறது. சரக்கு ஏற்றியாகிவிட்டது. இ-வே பில் போட வேண்டியதுதான் பாக்கி. கணக்குப் பிள்ளை யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டையும் தட்டுகிறார். ஓ.டி.பி. கேட்கிறது. அது போய்ச் சேரும் எண்ணோ, மூன்று வாரங்களுக்கு முன் நிறுவனத்தை விட்டு விலகிய இயக்குநருடையது. அவர் போனை எடுக்கவில்லை.

இது கற்பனைச் சூழல்தான். ஆனாலும் சிறு, குறு நிறுவனங்களின் கணக்கு எழுதுபவர்களுக்குப் பழக்கப்பட்ட சிக்கல். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் எல்லா வணிகர்களுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமான பிறகு, இதன் வலி இன்னும் கூடிவிட்டது. முன்பெல்லாம் பாஸ்வேர்டு தெரிந்தால் உள்ளே போய்விடலாம். இப்போது பதிவான கைபேசி கையில் இருப்பவர்தான் உள்ளே போக முடியும்.

ஜி.எஸ்.டி. பதிவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ‘ஆதரைஸ்டு சிக்னேட்டரி’ என்று ஒருவர் உண்டு. நிறுவனத்தின் சார்பில் கணக்குத் தாக்கல்களிலும் விண்ணப்பங்களிலும் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவர் அவர். பலரை அப்படி நியமிக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர் மட்டுமே முதன்மைக் கையொப்பதாரர். தளத்திலிருந்து வரும் ஓ.டி.பி., நோட்டீஸ் குறித்த தகவல், பாஸ்வேர்டு மாற்றும் வழி எல்லாம் அவருடைய கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். அவர் இயக்குநராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலாளரோ கணக்காளரோகூட இருக்கலாம். என்றாலும், நிறுவனம் தொடங்கும்போது ஓடியாடி வேலை பார்த்த இயக்குநரின் பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். அவர் விலகும்போதுதான் அந்தப் பெயர் எத்தனை இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியவரும்.

இரண்டு பேர் கம்பெனியின் சிக்கல்

இந்த மாற்றத்துக்குத் தேவையான ஆவணங்களில் முதன்மையானது இயக்குநர் குழுவின் தீர்மானம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். நம் ஊரில் பல நிறுவனங்களில் சரியாக இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். கணவன், மனைவி, அல்லது அண்ணன், தம்பி, அல்லது மாமன், மச்சான். அதே சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி குழுக் கூட்டம் செல்லுபடியாக மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்களோ இரண்டு பேரோ, இவற்றில் எது அதிகமோ அத்தனை பேர் இருக்க வேண்டும். ஆக, இரண்டு பேரில் ஒருவர் விலகிய மறுநாள், மீதமுள்ள ஒருவரால் கூட்டம் நடத்த முடியாது. அந்த நிலையில் அவர் செய்யக்கூடியது இரண்டே காரியம்: எண்ணிக்கையை நிரப்ப இன்னொரு இயக்குநரைச் சேர்க்கலாம், அல்லது பொதுக்குழுவைக் கூட்டலாம். ‘இனி நானே ஜி.எஸ்.டி.க்குக் கையொப்பமிடுவேன்’ என்று தனி ஆளாகத் தீர்மானம் எழுதிக்கொண்டால் அது நிற்காது.

பலர் இதைக் கவனிக்காமல் லெட்டர்ஹெட்டில் ஒரு தீர்மானம் அடித்துத் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தளம் அதை அப்போதைக்கு ஏற்றுக்கொள்ளவும் கூடும். பின்னாளில் பங்குதாரர்களிடையே சண்டை வந்தாலோ, துறை அதிகாரி ஆவணங்களைக் கேட்டாலோ, ஒற்றை ஆளாக எழுதிய தீர்மானம் முதலில் கேள்விக்குள்ளாகும்.

அதனால் விலகல் கடிதம் கைக்கு வந்த நாளுக்கும் விலகல் நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் மிக முக்கியமானது. 168ஆம் பிரிவின்படி, கடிதம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாள், கடிதத்தில் குறிப்பிட்ட நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அன்றுதான் விலகல் நடைமுறைக்கு வரும். ‘இன்றே விலகுகிறேன்’ என்று எழுதாமல் மூன்று நான்கு வாரம் தள்ளி ஒரு நாளைக் குறிப்பிட்டால், அதுவரை அவர் இயக்குநர்தான். கூட்டத்தில் உட்காரலாம், கையொப்பமிடலாம், தளத்தில் தன் டிஜிட்டல் கையொப்பத்தையும் பயன்படுத்தலாம்.

ஜூன் மாதத்தில் நடந்ததாக வைத்துக்கொள்வோம்

நாம் பார்த்த பின்னலாடை நிறுவனத்தையே எடுத்துக்கொண்டு, இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடப்பதாகப் பார்ப்போம். மாமனும் மச்சானும் இயக்குநர்கள். மச்சான்தான் முதன்மைக் கையொப்பதாரர். சொந்தமாகச் சாயப்பட்டறை தொடங்கப் போகிறார். ஜூன் 3 அன்று விலகல் கடிதம் கொடுக்கிறார். ஜூன் 30 முதல் விலகுவதாக எழுதியிருக்கிறார். ஆடிட்டர் முதலில் சொல்வது இதுதான்: “மாப்பிள்ளை போறதுக்கு முன்னாடி மீட்டிங் போட்டுடுங்க. போன பிறகு போட்டா கோரம் இருக்காது.”

குழுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தேவை. ஜூன் 15 அன்று அறிவிப்புக் கொடுத்து, 25 அன்று கூட்டம் நடக்கிறது. அதில் மூன்று தீர்மானங்கள். ஒன்று, மச்சானின் விலகலைக் குழு பதிவு செய்துகொள்கிறது. இரண்டு, மாமனின் மனைவியைக் கூடுதல் இயக்குநராகச் சேர்க்கிறது. இதற்கு நிறுவனத்தின் சங்க நடைமுறை விதிகள் இடம்தர வேண்டும். அவருக்கு இயக்குநர் அடையாள எண்ணும், சம்மதக் கடிதமான DIR-2 படிவமும் வேண்டும். அடையாள எண்ணுக்கான விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டிருப்பது நல்லது. மூன்றாவது தீர்மானம்தான் நம் விஷயம்: ஜி.எஸ்.டி. சட்டங்களின்கீழ் எல்லா ஆவணங்களிலும் கையொப்பமிட மாமனுக்கு அதிகாரம் அளிப்பதும், மச்சானுக்கு முன்பு அளித்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவதும்.

அந்தத் திரும்பப் பெறும் வரி பல தீர்மானங்களில் விட்டுப்போகிறது. புதியவருக்கு அதிகாரம் கொடுத்ததனாலேயே பழையவரின் அதிகாரம் தானாகப் போய்விடாது. ஒரே நேரத்தில் பல கையொப்பதாரர்கள் இருக்கலாம் என்று தளமே அனுமதிக்கிறது. ஆகவே வெளிப்படையாக எழுதுவதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. தீர்மானத்தின் சரிபார்த்த நகல் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். கூட்டம் நடந்த நாள், இடம், அதிகாரம் பெறுபவரின் முழுப்பெயர், பதவி, கையொப்பமிடும் இயக்குநரின் அடையாள எண் எல்லாம் அதில் வர வேண்டும். அதிகாரம் பெறுபவரே தனக்குத் தானே நகலைச் சான்றளிக்காமல், இன்னொரு இயக்குநர் கையொப்பமிடுவது நல்லது. இதோடு, ‘இந்தப் பொறுப்பை ஏற்கிறேன்’ என்று மாமன் எழுதித்தரும் ஏற்புக் கடிதமும் சேர வேண்டும்.

தளத்தில் இரண்டு கட்டம்

கூட்டம் முடிந்த கையோடு தளத்தில் செய்ய வேண்டிய வேலை. ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள விவரங்களைத் தளம் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர், முகவரி, இயக்குநர்கள் பட்டியல் போன்றவை முதல் வகை. அவற்றை மாற்ற அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். கையொப்பதாரர், வங்கிக் கணக்கு போன்றவை இரண்டாம் வகை. அவற்றுக்கு ஒப்புதல் தேவையில்லை, சமர்ப்பித்து ஏற்கப்பட்டாலே மாறிவிடும். ஆகவே ஒருவர் விலகினால் விண்ணப்பமும் இரண்டு: கையொப்பதாரரை மாற்ற ஒன்று, இயக்குநர் பட்டியலை மாற்ற இன்னொன்று. இரண்டும் GST REG-14 என்ற படிவத்தின் வழியாகத்தான் போகின்றன. மாற்றம் நடந்த 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 19ஆம் விதி.

முதலில் கையொப்பதாரர். மச்சானின் கைபேசியும் டிஜிட்டல் கையொப்பமும் கிடைக்கும்போதே இதை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். `Services > Registration > Amendment of Registration Non-Core Fields` என்ற வழியில் போய் `Authorized Signatory` பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே புதியவரைச் சேர்க்கும் படிவத்தில் மாமனின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பான், பதவி, வீட்டு முகவரி, கைபேசி, மின்னஞ்சல் கேட்கும். பெயரும் பிறந்த தேதியும் பான் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். தளம் அவற்றை வருமான வரித் துறையின் பதிவோடு ஒப்பிடும். இனிஷியலை விரித்து எழுதியதில் வேறுபாடு இருந்தாலும் சிவப்பில் பிழை காட்டும். புகைப்படம் ஜேபெக் வடிவில் 100 கே.பி.க்குள், தீர்மானமும் ஏற்புக் கடிதமும் பி.டி.எஃப். அல்லது ஜேபெக் வடிவில் 1 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். மொபைலில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றப் பார்த்துத் திணறுவது இங்கேதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதியவரைச் சேர்ப்பதையும் அவரை முதன்மையாக்குவதையும் இரண்டு தடவையாகச் செய்ய வேண்டும். முதல் தடவை மாமனைச் சேர்த்து, சரிபார்ப்புப் பக்கத்தில் மச்சானின் டிஜிட்டல் கையொப்பத்தோடு சமர்ப்பிக்க வேண்டும். நிறுவனங்களுக்கு இங்கே டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். பிறகு ஒரு 15 நிமிடம் பொறுத்து, வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைந்து, அதே பக்கத்தில் மச்சானின் பெயருக்கு எதிரே உள்ள முதன்மைக் குறியை எடுத்துவிட்டு மாமனுக்குப் போட்டு, மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். முதல் தடவையோடு நிறுத்திவிட்டு ‘மாற்றியாகிவிட்டது’ என்று இருந்துவிடுபவர்கள் அதிகம். பட்டியலில் புதிய பெயர் இருக்கும், ஓ.டி.பி. மட்டும் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும்.

சமர்ப்பித்ததும் ஏ.ஆர்.என். என்ற ஒப்புகை எண் வர வேண்டும். வரவில்லையென்றால் விண்ணப்பம் எங்கோ சிக்கியிருக்கிறது. அதை `My Saved Applications` பகுதியில் பார்க்கலாம். சேமித்த விண்ணப்பம் 15 நாள் மட்டுமே அங்கே இருக்கும்.

மாமனின் டிஜிட்டல் கையொப்பத்தையும் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர் பெயரில் மூன்றாம் வகைச் சான்று வாங்கி, அந்த யு.எஸ்.பி. டோக்கனைக் கணினியில் செருகி, `Register/Update DSC` பக்கத்தில் அவருடைய பான் எண்ணைத் தேர்ந்தெடுத்து இணைக்க வேண்டும். சான்றில் இருக்கும் பான் எண்ணும் தளத்தில் இருக்கும் பான் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் தளம் மறுத்துவிடும். இதைச் செய்து, மாமனின் கையொப்பத்தோடு ஏதாவது ஒரு தாக்கல் போய்ச் சேர்ந்த பிறகுதான் மச்சானின் பெயரைக் கையொப்பதாரர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். வரிசை மாறினால் கையொப்பமிட ஆளே இல்லாமல் நிற்க நேரிடும்.

அதிகாரியின் ஒப்புதல்

அடுத்தது இயக்குநர் பட்டியல். மாமனின் மனைவி ஜூன் 25 அன்று சேர்ந்தார். மச்சான் 30 அன்று விலகினார். 15 நாள் கெடு முறையே ஜூலை 10, 15 தேதிகளில் முடிகிறது. ஜூலை முதல் வாரத்தில் ஒரே விண்ணப்பத்தில் ஒருவரைச் சேர்த்து இன்னொருவரை நீக்கிவிட்டால் இரண்டு கெடுவும் தப்பாது. நிறுவனப் பதிவாளருக்கு அனுப்பும் DIR-12 படிவத்துக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் அதை முதலில் போட்டுவிடுவது நல்லது. ஜி.எஸ்.டி. அதிகாரி விண்ணப்பத்தைப் பார்க்கும்போது நிறுவன விவகாரத் தளத்தில் இயக்குநர் பட்டியல் என்னவென்று ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கே மச்சானின் பெயர் இன்னும் இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும்.

விலகல் கடிதத்தின் நகல், அது கிடைத்ததற்கான ஒப்புகை, குழுத் தீர்மானம், DIR-12 படிவமும் அதன் கட்டண ரசீதும், புதிய இயக்குநரின் பான், ஆதார், புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருந்தால் அதிகாரி எதைக் கேட்டாலும் அன்றே கொடுத்துவிடலாம். அவர் 15 வேலை நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் அதே காலத்துக்குள் GST REG-03 நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்கு ஏழு வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அதிகாரி குறித்த காலத்துக்குள் எதுவுமே செய்யாவிட்டால் திருத்தம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். வேலை முடிந்ததா என்று பார்க்க எளிய வழி, பதிவுச் சான்றிதழைப் புதிதாக இறக்கிப் பார்ப்பது. அதன் ‘அனெக்சர் பி’ பக்கத்தில் இயக்குநர்களின் பெயர்கள் இருக்கும். அங்கே மச்சானின் பெயர் மறைந்து புதியவரின் பெயர் வந்திருந்தால் சரி.

நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பதிவும் கேரளத்தில் ஒரு பதிவும் இருந்தால், இத்தனையையும் இரண்டு பதிவுகளிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பான் ஒன்றுதான் என்பதால் ஒன்றை மாற்றினால் மற்றது மாறிவிடாது.

விலகியவர் ஒத்துழைக்காவிட்டால்

எல்லா விலகலும் சுமுகமாக நடப்பதில்லை. சண்டையில் போனவர் ஓ.டி.பி. சொல்லமாட்டார்; இறந்துபோனவரால் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர் தன் எண்ணையே போட்டுவிட்டுக் காணாமல் போன கதைகளும் ஏராளம். இப்படிப்பட்ட புகார்கள் குவிந்ததால் 2018இல் மத்திய நிதி அமைச்சகம் ஒரு வழி திறந்தது: அந்த நிறுவனத்துக்குரிய வரி அதிகாரியே முதன்மைக் கையொப்பதாரரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித்தரலாம்.

அதிகாரி மாநில வணிகவரித் துறையைச் சேர்ந்தவரா, மத்திய ஜி.எஸ்.டி. அலுவலகத்தைச் சேர்ந்தவரா என்பதை, உள்ளே நுழையாமலே தளத்தின் `Search Taxpayer` பகுதியில் ஜி.எஸ்.டி. எண்ணைத் தட்டித் தெரிந்துகொள்ளலாம். அவரிடம் நேரில் போய், அடையாளச் சான்றையும் அந்த எண்ணுக்குரிய தொழில் ஆவணங்களையும் கொடுக்க வேண்டும். அவர் முதலில் பார்ப்பது, வந்திருப்பவரின் பெயர் அந்தப் பதிவில் பங்குடையவராகவோ கையொப்பதாரராகவோ ஏற்கெனவே இருக்கிறதா என்பதைத்தான். மாமனின் பெயர் இயக்குநர் பட்டியலில் முதலிலிருந்தே இருப்பதால் அவர் போனால் வேலை நடக்கும். நேற்றுச் சேர்ந்த மேலாளரைத் தீர்மானத்தோடு அனுப்பினால் நடக்காது. சரிபார்த்த பின் அதிகாரி ஆவணங்களைத் தளத்தில் ஏற்றி, புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து, பாஸ்வேர்டை மாற்றுவார். புதிய மின்னஞ்சலுக்கு வரும் தற்காலிக பாஸ்வேர்டைக் கொண்டு, முதல்முறை நுழைபவர்களுக்கான இணைப்பு வழியாக உள்ளே போய்ப் புதிய யூசர் நேமும் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அலைச்சலைத் தவிர்க்கச் சிலர் ஒரு குறுக்கு வழியைப் பிடிக்கிறார்கள். விலகியவரின் டோக்கன் ஆடிட்டர் அலுவலக மேசை டிராயரில் கிடக்கும். அதன் கடவு எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்தே மாதக்கணக்கில் தாக்கல் ஓடும். இது ஒருவரின் கையொப்பத்தை இன்னொருவர் போடுவதுதான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 89ஆம் பிரிவு, பிரைவேட் நிறுவனத்திடமிருந்து வரியை வசூலிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்த ஒவ்வொருவரையும் பொறுப்பாக்குகிறது. தன் அலட்சியத்தால் அப்படி நேரவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஜூனில் விலகியவரின் கையொப்பம் செப்டம்பர் கணக்கிலும் இருந்தால், ‘நான் அப்போது பொறுப்பில் இல்லை’ என்ற அவருடைய வாதம் பலவீனமாகும். ஆகவே விலகுபவர் டோக்கனைத் தானே வாங்கிக்கொள்வதும், அது கிடைக்காவிட்டால் சான்று வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்வதும் அவருடைய நலனுக்கு அவசியம்.

தாமதத்துக்கும் விலை உண்டு. கையொப்பமிட ஆளில்லாமல் GSTR-3B தாக்கல் தள்ளிப்போனால், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், வரி உள்ள தாக்கலுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும். தொடர்ந்து இரண்டு தாக்கல் காலம் தவறினால் இ-வே பில் எடுக்கும் வசதியே முடக்கப்படும்.

ஜி.எஸ்.டி. முடிந்ததும் வருமான வரித் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே நிறுவனத்தின் முதன்மைத் தொடர்பாளராக மச்சானின் பெயரும் எண்ணும் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மாமனின் டிஜிட்டல் கையொப்பத்தை முதலில் அவருடைய தனிநபர் கணக்கில் பதிவு செய்தால்தான் நிறுவனத்தின் கணக்கு அதை ஏற்கும். பிறகு இ-வே பில் தளத்தில் நுழைந்து, ஜி.எஸ்.டி. தளத்தின் புதிய விவரங்களை அங்கும் புதுப்பிக்க வேண்டும். குடோன் ஊழியருக்கு அவருடைய சொந்த எண்ணில் துணைப் பயனராக ஒரு கணக்கும் தொடங்கிக் கொடுத்துவிடலாம். துணைப் பயனருக்கான ஓ.டி.பி. அவருடைய எண்ணுக்கே வரும்; பில் போட ஒவ்வொரு முறையும் மாமனை அழைக்க வேண்டியதில்லை.